மாவட்டச் சாலை டிசைன் ரிப்போர்ட் திரும்பி வந்திருக்கு: சராசரி சிபிஆர் 5.6, விடிஎஃப் 3.9

செம்மண்தூசி | ஆகஸ்ட் 4, இரவு 9.40

திருமங்கலம் தாண்டி ஒரு மாவட்டச் சாலை, 9.2 கி.மீ. இப்ப 3.75 மீட்டர் தார். 5.5 மீட்டராக அகலப்படுத்தணும். டிசைன் ரிப்போர்ட் போட்டு அனுப்பினேன், ரெண்டு குறிப்போட திரும்பி வந்திருக்கு, ஒண்ணு மண்ணோட பலம் பத்தி, இன்னொண்ணு ஒரு வண்டி சாலைக்குக் கொடுக்கிற சேதம் பத்தி. "சிபிஆர் எடுத்த அடிப்படை என்ன? விடிஎஃப்புக்கு ஆக்சில் லோடு சர்வே எங்கே?"

போட்ட கணக்கு: கமர்ஷியல் வண்டி ரெண்டு திசையும் சேர்த்து நாளுக்கு 320. வளர்ச்சி 5 சதவீதம். வேலை முடிய 2 வருஷம். டிசைன் ஆயுள் 15 வருஷம்.

```
A = 320 × 1.05^2 = 353
N = 365 × A × [((1+r)^n − 1)/r] × D × F
N = 365 × 353 × 21.58 × 0.75 × 3.9 = 8.1 × 10^6
```

ஆக 8.1 எம்எஸ்ஏ, அதாவது 81 லட்சம் தர ஆக்சில் நடை. 11 இடத்துல மண் எடுத்ததுல சிபிஆர்: 6, 7, 7, 8, 6, 9, 7, 2.5, 3, 3, 3.5. சராசரி 5.6. 3.9ங்கிறது 150-லேர்ந்து 1500 வண்டி வரைக்கும் சமதளத்துக்கு ஐஆர்சி 37 (2018) அட்டவணையே கொடுக்கிற மதிப்பு. இதுல தப்பு எங்க?

கோட்டம்_பழசு | ஆகஸ்ட் 4, இரவு 10.15

தம்பி, கடைசி நாலு எண்ணும் ஒரே இடத்துல வரிசையா வந்ததா, இல்ல அங்கங்க சிதறியா?

செம்மண்தூசி | ஆகஸ்ட் 4, இரவு 10.22

வரிசையாத்தான் சார். கி.மீ. 6.6-லேர்ந்து கடைசி வரைக்கும். அங்க கரிசல். பருத்தி, மக்காச்சோளம் போடுற காடு. அதுக்கு முன்னாடி முழுக்கச் செம்மண்.

கோட்டம்_பழசு | ஆகஸ்ட் 4, இரவு 10.41

அப்ப உன்கிட்ட இருக்கிறது ரெண்டு சாலை. 5.6 இருக்கிற மண்ணு அந்த 9.2 கிலோமீட்டர்ல எங்கயுமே கிடையாது. செம்மண்ணுல தேவைக்கு மேல போடுவ, கரிசல்ல தேவைக்குக் கீழ போடுவ. திருப்பி அனுப்பினவர் அதைத்தான் கேக்கிறார்.

மண் மாறுற இடத்துல சாலையை ரெண்டா வெட்டு. ஒவ்வொரு பகுதிக்கும் 80-வது பெர்சென்டைல் எடு. நம்ம டிராஃபிக் 20 எம்எஸ்ஏக்குக் கீழதான், மாவட்டச் சாலை, அதனால 80 போதும். அதாவது சோதிச்சதுல நூத்துக்கு எண்பது அந்த எண்ணுக்குச் சமமாவோ மேலயோ இருக்கணும். செம்மண்ணுக்கு வரிசைப்படுத்தினா 6, 6, 7, 7, 7, 8, 9. கோடு போட்டுப் பார்த்தா 6.7 வரும், 6 வச்சுக்க. கரிசல்ல 2.9, அதாவது 3.

டெண்டர்ராஜா | ஆகஸ்ட் 5, காலை 7.05

இவ்வளவு குழப்பம் எதுக்கு? மூணு விஷயம்.

வளர்ச்சி 7.5 சதவீதம்தான் போடணும், 5 இல்ல.

மதுரையில வருஷ மழை 1000 மி.மீ.க்குக் கீழ. நாலு நாள் ஊறப்போட்ட சிபிஆரே தேவையில்ல. ஊறப்போடாம எடுத்தா கரிசலே 10-க்கு மேல காட்டும், பிரச்சினை முடிஞ்சது.

அப்புறம் சிபிஆர் 5-க்குக் கீழ இருந்தா டிசைனே போடக்கூடாதுன்னு ஐஆர்சி கோடே சொல்லுது.

வைகை_லேப் | ஆகஸ்ட் 5, காலை 9.30

டெண்டர்ராஜா சார், மூணுலயும் பாதிப் பாதி சரி.

7.5 சதவீதம் 2001 பதிப்பு. இப்ப தரவு இல்லேன்னா குறைஞ்சது 5.

மழை விஷயம் 2012 பதிப்புல இருக்கிற வரிதான், ஆனா முழுசாப் படிக்கணும். நல்லாப் பாதுகாக்கப்பட்ட சப்கிரேடு, மேல கனமான தார் அடுக்கு, அதுக்குத்தான் நாலு நாள் ஊறல் அதிகம்னு சொல்றாங்க. இங்க மேல வரப்போறது 10-11 செ.மீ. தார். ரெண்டு பக்கமும் மண் பெர்ம். கரிசல் காட்டுல ஐப்பசி கார்த்திகையில பெர்முக்கு வெளிய ரெண்டு வாரம் தண்ணி நிக்கும். வருஷ மழை எவ்வளவுங்கிறது அந்த மண்ணுக்குத் தெரியாது, தண்ணி பக்கத்துல எத்தனை நாள் நின்னதுங்கிறதுதான் தெரியும். ஊறப்போட்டுத்தான் எடுக்கணும்.

5 சதவீதக் கட்டாயம், கட்டுற வருஷத்துல ரெண்டு திசையும் சேர்த்து 450 கமர்ஷியல் வண்டிக்கு மேல போற சாலைக்கு. இங்க 353. கட்டாயம் இல்ல. ஆனா 3 மேல நேரடியாப் போடலாம்னும் அர்த்தம் இல்ல, அது வேற.

செம்மண்தூசி சார்கிட்ட ஒரு கேள்வி. மாதிரியை எந்த அடர்த்தியில அச்சுல அடிச்சாங்க?

செம்மண்தூசி | ஆகஸ்ட் 5, காலை 11.02

ரிப்போர்ட்ல "உச்ச உலர் அடர்த்தியில்"னு மட்டும் போட்டிருக்கு.

வைகை_லேப் | ஆகஸ்ட் 5, மதியம் 1.15

அதுல ஒளிஞ்சிருக்கு வில்லங்கம். கனத்த சம்மட்டி ப்ராக்டர் அடர்த்தியில 97 சதவீதத்துக்கு அச்சு அடிக்கணும். ஏன்னா களத்துல ரோலர் கொடுக்கப்போறது அதைத்தான். லேப்ல 100-க்கு அடிச்சா சிபிஆர் கூடுதலாக் காட்டும். லேசான ப்ராக்டர்ல அடிச்சா குறைச்சுக் காட்டும், அப்புறம் யாரோ ஒருத்தர் சரளையைக் கூட்டிருவாங்க.

லேப் தாள்ல நாலு எண் இருக்கான்னு பாருங்க: அச்சு அடர்த்தி, ஊறும் முன்ன ஈரம், ஊறின பிறகு ஈரம், வீக்கம். 4.89 கிலோ சம்மட்டி, 5 அடுக்கு, அடுக்குக்கு 56 அடின்னு எழுதி, அச்சு அடர்த்தி மட்டும் இல்லேன்னா அந்தத் தாளைத் திருப்பி அனுப்புங்க. கரிசல் மாதிரிக்கு ஃப்ரீ ஸ்வெல் கேளுங்க. 50 சதவீதத்துக்கு மேலன்னா அந்த மண்ணைச் சப்கிரேடாவோ கரை நிரப்பவோ சேர்க்கவே கூடாது, சிபிஆர் எவ்வளவு வந்தாலும்.

இன்னொண்ணு. கரிசல் மாதிரியில 5 மி.மீ. ஊடுருவல் மதிப்பு 2.5-ஐ விடக் கூட வந்தா சோதனையைத் திருப்பிப் பண்ணணும். மறுபடியும் அப்படியே வந்தாத்தான் 5 மி.மீ. மதிப்பு. பாதி லேப் முதல் தடவையே பெரிய எண்ணை எடுத்துக்கும்.

ஊராட்சிக்காரன் | ஆகஸ்ட் 5, இரவு 8.20

எங்க ஊர்ல கண்மாய்க்கரையை ஒட்டி 2.1 கி.மீ. கிராமச் சாலை போட்டாங்க. ஜிஎஸ்பி, வெட்மிக்ஸ், மேல 2 செ.மீ. தார் கார்பெட். அதுக்கு இந்த அளவு கணக்கெல்லாம் இல்ல, ஒரு அட்டவணை பார்த்துப் போட்டாங்க. நல்லாத்தான் இருக்கு. இந்தச் சாலைக்கும் அதே அட்டவணை போட்டா என்ன?

கோட்டம்_பழசு | ஆகஸ்ட் 5, இரவு 8.55

அது எஸ்பி 72 அட்டவணை அய்யா, 2 எம்எஸ்ஏ வரைக்கும் போற கிராமச் சாலைக்கு. டிராக்டர், பால் வண்டி, மினி பஸ் போற பாதைக்கு அது சரி. இங்க கல்குவாரி டிப்பர் ஓடுது. அந்த 2 செ.மீ. கார்பெட் முதல் மழைக்கே உரிஞ்சிரும்.

ஊராட்சிக்காரன் | ஆகஸ்ட் 5, இரவு 9.01

எங்க ஊர்லயும் டிப்பர் ஓடுது. ராத்திரியில.

கோட்டம்_பழசு | ஆகஸ்ட் 5, இரவு 9.04

அப்ப ரெண்டு வருஷம் கழிச்சு வந்து சொல்லுங்க.

எடைபாலம் | ஆகஸ்ட் 6, காலை 6.50

விடிஎஃப் பத்தி யாரும் பேசலையே. டிப்பர்னு வந்த பிறகு 3.9-ஐ அட்டவணையிலேர்ந்து எடுக்கிறது கண்ணைக் கட்டிக்கிட்டுப் போடுறது மாதிரி.

எம்-சாண்ட் ஏத்தின ரெண்டு ஆக்சில் டிப்பர் ஒண்ணை எடுத்துக்குவோம். முன்ன 6.5 டன், பின்ன 13.5 டன். ஒற்றைச் சக்கர முன் ஆக்சிலுக்குத் தரம் 65 கிலோ நியூட்டன், அதாவது 6.63 டன். இரட்டைச் சக்கரப் பின் ஆக்சிலுக்கு 80, அதாவது 8.16 டன். வகுத்து நாலாம் அடுக்கு ஏத்துங்க.

```
முன்: (6.5/6.63)^4  = 0.92
பின்: (13.5/8.16)^4 = 7.49
மொத்தம்             = 8.4
```

அதே வண்டி காலியாத் திரும்பும்போது முன்ன 3.5, பின்ன 3.5 டன்னு வச்சா 0.11. ஏத்திப் போற ஒரு நடை, காலியாத் திரும்புற 75 நடைக்குச் சமம். அதனால எந்தத் திசையில ஏத்திப் போகுதுங்கிறதுதான் கேள்வி. 320 வண்டின்னு ஒரே எண்ணாப் போட்டா அது தெரியாது.

3000-க்குக் கீழ வண்டி போற சாலையில 20 சதவீதம் எடை போடணும். உங்களுக்கு 64 வண்டி. ஒரு பகல் ஒரு ராத்திரியில முடிச்சிரலாம். முன்கூட்டிச் சொல்லிட்டுப் போகாதீங்க. எடை போடுற பேடு வச்ச செய்தி டீக்கடைக்குப் போனதுமே ஓவர்லோடு வண்டியெல்லாம் வேற பாதை பிடிச்சிரும். அப்புறம் எடை போட்டதுல எல்லா வண்டியும் யோக்கியமா இருக்கும்.

எண்ணிக்கை எந்த வாரம் எடுத்தீங்க?

செம்மண்தூசி | ஆகஸ்ட் 6, காலை 10.30

ஜனவரி ரெண்டாம் வாரம், 7 நாள் 24 மணி நேரம்.

எடைபாலம் | ஆகஸ்ட் 6, காலை 10.33

பொங்கல் வாரம்! கிரஷர் பாதி நாள் மூடியிருக்கும், லோடுமேன் ஊருக்குப் போயிருப்பான், பஸ் மட்டும் கூட ஓடும். 320 ஏழு நாள் சராசரின்னா நாள்வாரித் தாளைப் பாருங்க. போகிக்கு முந்தின நாட்கள்ல டிப்பர் எவ்வளவு, காணும் பொங்கலுக்கு எவ்வளவுன்னு.

டெண்டர்ராஜா | ஆகஸ்ட் 6, மதியம் 12.10

சித்திரைத் திருவிழா வாரத்துல எடுத்திருந்தா இன்னும் அழகா இருந்திருக்கும். எதிர்சேவைக்குப் போற வேனையெல்லாம் கமர்ஷியல்ல சேர்த்திருப்பாங்க.

செம்மண்தூசி | ஆகஸ்ட் 19, இரவு 9.15

மறுபடியும் எண்ணியாச்சு, எடையும் போட்டாச்சு. பஸ், சரக்கு லாரி எல்லாம் முன்ன மாதிரிதான். பொங்கல்ல டிப்பர் குறைஞ்சிருந்தது, ஆனா விசேஷ பஸ் கூடுதலா இருந்ததால மொத்தம் கிட்டத்தட்ட அதே 320-ல வந்து நிக்குது. ரெண்டு திசையிலயும் பாதிப் பாதி. எடையிலதான் ஆச்சரியம். ஏத்திப் போற திசையில விடிஎஃப் 6.2. திரும்புற திசையில 1.4. சராசரி 3.8. அட்டவணை 3.9-க்கு ஒட்டியே வந்திருச்சு, அப்ப பழைய கணக்கே போதும்தானே?

எடைபாலம் | ஆகஸ்ட் 19, இரவு 9.50

அந்தச் சராசரி ஏமாத்துது. ரெண்டு திசைக்கும் தனித்தனியா விடிஎஃப் எடுத்து, பெரிசை வச்சு டிசைன் பண்ணணும். 6.2 போட்டா:

```
365 × 353 × 21.58 × 0.75 × 6.2 = 12.9 × 10^6
```

8.1 இல்ல, 12.9 எம்எஸ்ஏ.

கோட்டம்_பழசு | ஆகஸ்ட் 20, காலை 6.30

எடைபாலம் சொல்றது விதிப்படி சரி. ஆனா ஒரு நிமிஷம் நின்னு யோசிங்க. ரெண்டு திசையிலயும் போற எல்லா வண்டியும், ஒண்ணு விடாம, ஒரே சக்கரத் தடத்துல போகுதுன்னு வச்சுக்குவோம். அதை விட மோசமா இந்த உலகத்துல எதுவும் நடக்க முடியாது. அதுக்கு எவ்வளவு?

```
365 × 353 × 21.58 × 1.0 × 3.8 = 10.6 × 10^6
```

10.6 தான். அப்ப 12.9 எங்கேர்ந்து வந்துச்சு? 0.75-ங்கிறது ரெண்டு திசையையும் கலந்து எடுத்த பங்கு, 6.2-ங்கிறது ஒரு திசைக்கு மட்டும். ரெண்டையும் பெருக்கினா, திரும்புற காலி வண்டியில பாதியையும் ஏத்தின வண்டியா எண்ணிட்ட மாதிரி. இன்னொரு பக்கம், ஏத்தின திசை மட்டும் அதன் தடத்துலயே போகுதுன்னு வச்சா 8.6. உண்மை 8.6-க்கும் 10.6-க்கும் நடுவுல எங்கயோ இருக்கு. 5.5 மீட்டர் சாலையில எதிர்ல வண்டி வராதப்ப எல்லாருமே நடுவுலதான் ஓட்டுவான், அதனால நான் 10.6 எடுப்பேன்.

எடைபாலம் | ஆகஸ்ட் 20, காலை 7.40

கணக்கு புரியுது சார். ஆனா ரிப்போர்ட்டைச் சரிபார்க்கிறவர் கோடுல உள்ள 0.75-ஐயும் பெரிய விடிஎஃப்பையும் கேட்டா என்ன பதில் சொல்றது? 12.9 போட்டா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.

கோட்டம்_பழசு | ஆகஸ்ட் 20, காலை 7.58

ரெண்டையும் எழுது. 12.9 விதிப்படி, 10.6 இயற்பியல் உச்சம்னு ஒரு பத்தி. தடிமன்ல எவ்வளவு வித்தியாசம் வருதுன்னு பார்த்துட்டு அப்புறம் சண்டை போடுவோம்.

செம்மண்தூசி | ஆகஸ்ட் 23, இரவு 8.30

பார்த்தாச்சு. IITPAVE-ல ஓட்டின விவரம்:

செம்மண், சிபிஆர் 6. மீள் மாடுலஸ் 17.6 × 6^0.64, அதாவது 55 மெகா பாஸ்கல். ஜிஎஸ்பி 200, வெட்மிக்ஸ் 250, ரெண்டும் சேர்த்து 450-க்கு 0.2 × 450^0.45 × 55.4, அதாவது 173. தார் விஜி 30, 35 டிகிரிக்கு 2000. மேல டிபிஎம் 80, பிசி 30.

சப்கிரேடு மேல செங்குத்துத் திரிபு 500 மைக்ரோவை ஒட்டி வருது. அனுமதி, 80 சதவீத நம்பகத்துக்கு:

```
N = 4.1656 × 10^-8 × (1/εv)^4.5337
8.1 எம்எஸ்ஏ  : 705 மைக்ரோ
10.6 எம்எஸ்ஏ : 665 மைக்ரோ
12.9 எம்எஸ்ஏ : 636 மைக்ரோ
```

ரட்டிங்ல மூணுக்குமே தாராளமாப் பாஸ். தார் அடியில விரிசல் கணக்குலதான் கொஞ்சம் இறுக்கம். 12.9-க்கு டிபிஎம் கூடுதலா ஒரு செ.மீ. போட்டா போதும்.

கோட்டம்_பழசு | ஆகஸ்ட் 23, இரவு 9.10

பாரு. இவ்வளவு நேரம் சண்டை போட்டது ஒரு செ.மீ. டிபிஎம்முக்கு. இப்ப அதே அடுக்கை அப்படியே வச்சுட்டு, சிபிஆரை மட்டும் 3 ஆக்கி ஓட்டு.

செம்மண்தூசி | ஆகஸ்ட் 23, இரவு 9.34

சப்கிரேடு 30 மெகா பாஸ்கல், மேல சரளை அடுக்கும் அதைப் பொறுத்ததால 94-க்கு இறங்கிருச்சு. செங்குத்துத் திரிபு 800-ஐ ஒட்டி.

கோட்டம்_பழசு | ஆகஸ்ட் 23, இரவு 9.52

665-க்கு 800. அந்த நாலரை அடுக்குல போட்டா 10.6-க்குப் பதிலா 4.6 எம்எஸ்ஏ தாங்கும். 5 சதவீத வளர்ச்சியில அது எட்டாவது வருஷத்துக்குள்ள தீர்ந்துரும். அதுவும் கரிசல் வீங்கிச் சுருங்கி விரிசல் விடுறது இந்தக் கணக்குல இல்லாமலே.

வண்டிக் கணக்கு ஒன்றரை மடங்கு தப்பாப் போனா ஒரு செ.மீ. தார். மண் 6-க்கும் 3-க்கும் தப்பாப் போனா பாதி ஆயுள். 5.6-னு சராசரி போட்டு வந்திருந்தா அந்த 2.6 கிலோமீட்டருக்கு அதுதான் கதி.

டெண்டர்ராஜா | ஆகஸ்ட் 24, காலை 7.15

அப்ப கரிசல்ல வெட்மிக்ஸைக் கூட்டிப் போட்டா முடிஞ்சது. 250-க்கு 400.

வைகை_லேப் | ஆகஸ்ட் 24, காலை 9.00

கூட்டினா திரிபு குறையும், உண்மைதான். ஆனா கரிசல் வீங்கும்போது அந்த 400-ஐயும் சேர்த்துத் தூக்கும். தார் விளிம்பிலேர்ந்து ஒரு மீட்டருக்குள்ள நீளவாக்குல விரிசல் வருது பாருங்க, திருமங்கலத்துக்குத் தெக்க எந்தச் சாலையில போனாலும் தெரியும். அது வண்டி எடையால வந்ததில்ல. கோடையில பெர்ம் காய்ஞ்சு சுருங்குது, நடுவுல தார் மூடின மண் ஈரமாவே இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல கிழியுது. வெட்மிக்ஸ் அதைத் தடுக்காது. மேல் 500 மி.மீ. மண்ணை மாத்தணும்.

செம்மண்தூசி | ஆகஸ்ட் 24, காலை 9.40

மாத்தினா எந்த சிபிஆர் வச்சு டிசைன் பண்றது மேடம்? மேல சரளை 12, கீழ கரிசல் 3.

வைகை_லேப் | ஆகஸ்ட் 24, காலை 10.25

12 போடக்கூடாது, அதுதான் வழக்கமா நடக்கிற தவறு. IITPAVE-ல ரெண்டு அடுக்கா வைங்க: 500 மி.மீ. 86 மெகா பாஸ்கல், கீழ முடிவில்லாம 30. ஒரே சக்கரம் 40 கிலோ நியூட்டன், அழுத்தம் 0.56. மேல்பரப்புத் தாழ்வை எடுத்து, அதே தாழ்வு கொடுக்கிற ஒரே மண்ணா மாத்துங்க:

```
MR = 2 (1 − μ^2) p a / δ     μ = 0.35, a = 150.8 மி.மீ.
```

60 மெகா பாஸ்கலைச் சுத்தித்தான் வரும். அதாவது பலனளிக்கிற சிபிஆர் 6-க்கும் 7-க்கும் நடுவுல. செம்மண் பகுதிக்குச் சமம். அப்ப 9.2 கி.மீ. முழுக்க ஒரே அடுக்கு, கடைசி 2.6-ல மட்டும் அடியில சரளை.

ஊராட்சிக்காரன் | ஆகஸ்ட் 24, மதியம் 2.00

கண்மாய் தூர்வாருற மண் சும்மாவே கிடைக்குதே, அதைப் போட்டா செலவு மிச்சம்.

கோட்டம்_பழசு | ஆகஸ்ட் 24, மதியம் 2.20

அது வண்டல் அய்யா. வயலுக்குத் தங்கம், சாலைக்கு விஷம். கரிசலை எடுத்துட்டு அதோட தம்பியைப் போட்ட மாதிரி ஆயிரும். சரளை வேணும், கனிம வளத்துறை அனுமதியோட. குவாரி முகத்துல மாதிரி எடுத்து சிபிஆர் பார்த்த பிறகுதான் 12-னு எழுதணும். முதல் ஆயிரம் கன மீட்டர் நல்லா வரும், அப்புறம் களிமண் கண்ணு தட்டும். 3000 கன மீட்டருக்கு ஒரு சோதனைன்னு ரிப்போர்ட்லயே எழுதிரு.

டெண்டர்ராஜா | ஆகஸ்ட் 24, மாலை 6.45

அளவைச் சொல்லுங்க, விலையைச் சொல்றேன்.

செம்மண்தூசி | ஆகஸ்ட் 24, இரவு 8.10

2600 × 8 மீட்டர் × 0.5 = 10,400 கன மீட்டர், இறுகின அளவு. லாரியில உதிரியா 13,500 பக்கம்.

டெண்டர்ராஜா | ஆகஸ்ட் 24, இரவு 8.25

அதுக்குப் பதிலா கரிசல்லயே சுண்ணாம்பு கலந்துரலாமே. 3-4 சதவீதம். அருப்புக்கோட்டைப் பக்கம் பண்றாங்க.

வைகை_லேப் | ஆகஸ்ட் 24, இரவு 9.05

இந்தத் தடவை உங்க பக்கம்தான் சார். சுண்ணாம்பு கரிசல்ல நல்லா வேலை செய்யும், பிளாஸ்டிசிட்டி இறங்கும், வீக்கம் அடங்கும். நிபந்தனை, மண்ணைப் பொடியாக்கணும். காய்ஞ்ச கரிசல் கட்டி தேங்காய் சைஸ்ல இருக்கும், கட்டியை விட்டுட்டுச் சுண்ணாம்பு தூவினா வெளிய வெள்ளை, உள்ள கறுப்பு. ரோட்டவேட்டர் மூணு நடை போகணும், ஒரு நாள் ஊறவிட்டு மறுபடி கலக்கணும். டெண்டர்ல அந்தக் கலவை மெஷின் இருக்கா?

டெண்டர்ராஜா | ஆகஸ்ட் 24, இரவு 9.11

டிராக்டர் கல்டிவேட்டர் இருக்கு.

வைகை_லேப் | ஆகஸ்ட் 24, இரவு 9.13

அப்ப சரளையே போடுங்க.

எடைபாலம் | ஆகஸ்ட் 25, காலை 6.40

யாரும் கேக்காத ஒண்ணு. 3.75-ஐ 5.5 ஆக்கும்போது கூடுறது 1.75 மீட்டர். ரெண்டு பக்கமும் பிரிச்சா பக்கத்துக்கு 87 செ.மீ. அந்தக் குழிக்குள்ள எந்த ரோலர் இறங்கும்? டிரம் அகலமே 2 மீட்டருக்கு மேல. ஓரத்துல கைக் காம்பாக்டர் வச்சு 97 சதவீதம் வராது, முதல் மழையில ஓரம் இறங்கிரும். ஒரே பக்கம் அகலப்படுத்தி, பழைய ஓரத்தைப் படியா வெட்டி இணைங்க. சென்டர் லைன் நகரும், அதையும் ரிப்போர்ட்ல காட்டணும்.

கோட்டம்_பழசு | ஆகஸ்ட் 25, காலை 7.20

நல்ல இடத்தைப் பிடிச்ச. ஜிஎஸ்பியை 5.5-லயே நிறுத்திராத, ரெண்டு பக்கமும் சரிவு ஓரம் வரைக்கும் கொண்டுபோய் வெளிய தெரியுற மாதிரி விடு. பெர்முக்குள்ள அடைச்சா உள்ள இறங்கின தண்ணிக்கு வெளியேற வழி கிடையாது. அதுல 75 மைக்ரானுக்குக் கீழ இருக்கிற பொடி 5 சதவீதத்துக்குள்ள இருக்கணும், இல்லேன்னா ஜிஎஸ்பின்னு பேர்தான், தண்ணி போகாது. சோதிக்கிறது சுலபம்: பரப்பின அடுக்கு மேல ஒரு குடம் தண்ணி ஊத்திப் பாரு. குட்டையா நின்னா லோடைத் திருப்பி அனுப்பு.

செம்மண்தூசி | செப்டம்பர் 9, இரவு 10.05

திருத்தின ரிப்போர்ட் போட்டாச்சு. ரெண்டு பகுதி, 80-வது பெர்சென்டைல், எடை சர்வே, 10.6-ம் 12.9-ம் ரெண்டும் எழுதி 12.9-க்கு டிபிஎம் 90, பிசி 30. கடைசி 2.6-ல சரளை 500.

ஒரு சந்தேகம் மட்டும் தீரல. கரிசல் பகுதியில ஏற்கெனவே 3.75 மீட்டருக்கு 25 செ.மீ. பழைய ஜல்லி இருக்கு. அதைத் தோண்டி எடுத்துட்டு 500 சரளை போடணுமா, இல்ல ஜல்லியை விட்டுட்டுச் சாலை மட்டத்தை உயர்த்திரலாமா? உயர்த்தினா பக்கத்துப் பருத்திக் காட்டுக்காரர் தண்ணி எங்க போகும்னு கேக்கிறார்.

கோட்டம்_பழசு | செப்டம்பர் 9, இரவு 10.30

உயர்த்து. பழைய ஜல்லி அங்க பல மழைக்காலம் பார்த்து உறைஞ்சு கிடக்கு, அதைக் கலைச்சா ஈரக் கரிசல் வெளிய வந்து ரோலரே புதையும். காட்டுக்காரருக்கு 200 மீட்டருக்கு ஒரு குழாய்ப் பாலம் காட்டு.

வைகை_லேப் | செப்டம்பர் 10, காலை 9.10

உயர்த்தினா நடுவுல 3.75-க்குக் கீழ ஜல்லி, புது 1.75-க்குக் கீழ வெறும் கரிசல். ரெண்டும் வேற வேற அளவுல வீங்கும். இணைப்புக் கோடு அப்படியே தார் மேல வரும். நான் தோண்டச் சொல்வேன், ஆனா வெயில் காலத்துல, ஒரு நாளைக்கு நிரப்ப முடிஞ்ச நீளம் மட்டும்.

எடைபாலம் | செப்டம்பர் 10, காலை 9.40

இந்த வருஷம் மழைக்கு முன்ன தோண்ட ஆரம்பிச்சிராதீங்க. எப்படியும் சீனியர் ரெண்டு பேரும் ஒத்துக்கப் போறதில்ல, கி.மீ. 7.2-ல ஒரு குழி வெட்டி ஜல்லிக்குக் கீழ இருக்கிற கரிசலோட ஈரத்தையும், பெர்முக்குக் கீழ இருக்கிற ஈரத்தையும் தனித்தனியா எடுத்துப் போடுங்க. வித்தியாசம் எவ்வளவுன்னு பார்த்துட்டுப் பேசலாம்.

செம்மண்தூசி | செப்டம்பர் 10, மதியம் 12.20

திங்கக்கிழமை வெட்டுறோம். 0.5 மீட்டர், 1 மீட்டர், 1.5 மீட்டர் ஆழத்துல எடுத்தா போதுமா மேடம்?

வைகை_லேப் | செப்டம்பர் 10, மதியம் 12.32

போதும். எடுத்ததும் டப்பாவை மெழுகு வச்சு மூடுங்க. வெயில்ல பிளாஸ்டிக் பையில கட்டிக்கிட்டு வந்தா ஈரம் வழியிலேயே போயிரும்.